அளவுகோல் முன்னே, நூல் பின்னே

நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு தமிழ் நாவலுக்குச் சிறு பரிசு அளித்து வருவதைப் பலரும் அறிவீர்கள். பரிசுத் தொகை பெரிதன்று. ஆனால் பரிசு பெற்ற நூலின் அறுபது படிகளைச் சங்கமே வாங்கி உறுப்பினர் இல்லங்களுக்கு அனுப்புகிறது. ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் அவ்வாண்டு நுழையும் தமிழ் நூல் அது ஒன்றே. ஆகவே நடுவர் மூவர் செய்யும் தவறு அறுபது வீடுகளின் தவறாகிறது. இவ்வாண்டு அம்மூவரில் ஒருவராக நாமும் இருந்தோம். அந்த அனுபவத்தில் கற்றதை இத்திங்கள் எழுத விழைகிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன்னரும் நாம் நடுவராக இருந்தோம். அப்போது நெடும்பட்டியலில் பத்து நாவல்கள் இருந்தன. அவற்றை வந்த வரிசையிலேயே படித்தோம். ஒன்றை முடித்தவுடன் முன்னதோடு ஒப்பிட்டு, 'இது அதனினும் மேல், இது அதனினும் கீழ்' என்று அடுக்கினோம். ஆறாவதாக வந்த நாவலில் செகந்திராபாத் இரயில் நிலையம் இருந்தது. மோண்டா மார்க்கெட் இருந்தது. நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்கள் இருந்தன. நம் உள்ளம் நெகிழ்ந்தது. அதற்கு முன் படித்த ஐந்தும் நிறம் மங்கின. பின் படித்த நான்கும் அதனோடு ஒப்பிடப்பட்டே தோற்றன. பரிசு அதற்கே சென்றது.

ஆறு திங்கள் கழித்து, பள்ளியில் படிக்கும் பெண்ணொருத்தி சங்க நூலகத்தில் நம்மிடம் வந்தாள். "மாமா, அந்தப் புத்தகத்தில் நம் கடைத்தெருப் பெயரெல்லாம் இருக்கிறது. ஆனால் நம்மைப் போல ஒருவர்கூட இல்லையே" என்றாள். வீட்டுக்குச் சென்று அந்நூலை மீண்டும் புரட்டினோம். அவள் சொன்னது முற்றும் உண்மை. பெயர்ப்பலகைகளைக் கண்டு மயங்கி, உள்ளே ஆள் இல்லாத வீட்டுக்குப் பரிசளித்துவிட்டோம்.

பிழை எங்கே நேர்ந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். நாவலில் நாம் எதைத் தேடுகிறோம் என்பதை நூல்களைத் திறப்பதற்கு முன் தீர்மானிக்கவில்லை. ஆகவே பிடித்த நூலில் எது மிகுந்திருந்ததோ அதுவே அளவுகோலாகிவிட்டது. நம் ஊர் இருந்த நூலைப் படித்தபின், 'நாவலுக்கு இடமே உயிர்' என்று வாதாடினோம். அந்நூல் மலைநாட்டுக் கதையாக இருந்து, அதில் உரையாடல் சிறந்திருந்தால், 'நாவலுக்கு உரையாடலே உயிர்' என்று அதே உறுதியோடு வாதாடியிருப்போம்.

இது நமக்கு மட்டும் உரிய பலவீனம் அன்று. அமெரிக்காவில் ஊல்மன், கோகன் என்னும் இரு உளவியலாளர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை நன்கு விளக்குகிறது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்தவரை மதிப்பிடுமாறு மக்களிடம் கேட்டார்கள். விண்ணப்பித்தவர் படிப்பு மிக்கவராகவோ தெரு அனுபவம் மிக்கவராகவோ காட்டப்பட்டார். ஆணாகவோ பெண்ணாகவோ காட்டப்பட்டார். ஆணுக்குப் படிப்பு இருந்தபோது, 'இப்பதவிக்குப் படிப்பே முக்கியம்' என்னும் போக்கு தலைதூக்கியது. அந்த ஆணிடம் படிப்பு இல்லாதபோது, படிப்பின் மதிப்பும் தாழ்ந்தது. விருப்பம் முன்னே சென்றது. காரணம் பின்னே வந்து சேர்ந்தது. அவ்வாறு மதிப்பிட்டவர்களோ தாம் நடுநிலையாகவே நடந்ததாக நம்பினார்கள். ஆனால் ஒருவரையும் பற்றி அறிவதற்கு முன்பே, எத்தகுதி எவ்வளவு முக்கியம் என்று முடிவுசெய்யுமாறு கேட்டபோது, அந்தச் சாய்வு மறைந்தது. காவல் தலைவரைத் தேர்வதற்கும் நாவலைத் தேர்வதற்கும் வேறுபாடு உண்டு. எனினும் தேர்கின்ற மனம் ஒன்றே.

ஆகையால் இம்முறை நடுவர் மூவரும் நூற்கட்டைப் பிரிப்பதற்கு முன் கூடினோம். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மையார். மற்றொருவர் வங்கியில் பணிபுரியும் நண்பர். இவ்வூரிலேயே பிறந்து, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்று, தமிழை வீட்டிலேயே கற்றவர். பன்னிரண்டு நாவல்களும் நூலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டன. அளவுகோல் எழுதி முடியும்வரை சாவி செயலாளரிடம் இருந்தது.

முதலில் நூல் உள்ளே வருவதற்கான வாயில்களை வகுத்தோம். வாயில் என்பது மதிப்பெண் அன்று. அதற்கு விடை, ஆம் அல்லது இல்லை என்பதே. சாகித்திய அக்காதெமியும் இவ்வாறே தொடங்குகிறது. விருது ஆண்டுக்கு நேர் முந்தைய ஆண்டை விடுத்து, அதற்கு முற்பட்ட ஐந்தாண்டுகளில் முதன்முறையாக வெளிவந்த நூல்களையே அது ஏற்கும். எடுத்துக்காட்டாக, 2023-ஆம் ஆண்டு விருதுக்கு 2017 முதல் 2021 வரை வெளிவந்த நூல்களே உரியன. பட்டியல் பல கட்டங்களாகச் சுருங்கி, இறுதியில் மூவர் கொண்ட நடுவர் குழுவிடம் வந்து சேரும். தகுதியான நூல் இல்லையெனில் விருதை நிறுத்திவைக்கவும் அங்கே இடமுண்டு. 1957, 1960 ஆகிய ஆண்டுகளில் தமிழுக்கு விருது அளிக்கப்படவில்லை. இந்த உரிமையை நாமும் முன்கூட்டியே எழுதிக்கொண்டோம். நூறில் அறுபது மதிப்பெண்ணைத் தொடும் நூல் ஒன்றேனும் இல்லையெனில் இவ்வாண்டு பரிசு இல்லை என்பது விதி. இதனைப் படித்து முடித்தபின் எழுதியிருந்தால், அது யாரேனும் ஓர் ஆசிரியருக்கு எதிரான தீர்ப்பாகத் தோன்றியிருக்கும். முன்னே எழுதியதால் அது வெறும் விதியாக நின்றது.

அடுத்து அளவுகோல். ஆளுக்கொரு தாளில், 'நல்ல நாவலில் இருக்க வேண்டியவை' என்று தனித்தனியே எழுதினோம். மூன்று தாள்களிலும் சேர்த்து பதினேழு இருந்தன. பதினேழைக் கொண்டு அளக்க முயன்றால் எதையும் அளக்க முடியாது. ஒன்றையே இரு சொற்களால் கூறியவற்றை இணைத்தோம். 'சமுதாயத்துக்குப் பயன்' போன்று நூலுக்கு வெளியே உள்ளவற்றை நீக்கினோம். எஞ்சியவை ஐந்து. மொழி 25, மாந்தர் 25, கட்டுக்கோப்பு 20, இடமும் காலமும் 15, நிலைப்பு 15 என்று நூறு மதிப்பெண்ணையும் பங்கிட்டோம். நிலைப்பு என்றால், படித்து மூன்று வாரம் சென்றபின் குறிப்பைப் பாராமல் நூலிலிருந்து எவ்வளவு நினைவில் எழுகிறது என்பதாகும்.

நண்பர் ஆறாவதாக 'விறுவிறுப்பு' ஒன்றும் வேண்டும் என்றார். அப்போது ஆசிரியை அம்மையார் இலண்டன் புக்கர் பரிசின் கதையை நினைவூட்டினார். 2011-ஆம் ஆண்டில் அப்பரிசுக் குழுவின் தலைவர் ஸ்டெல்லா ரிமிங்டன், தாம் படிக்க எளிய நூல்களை நாடியதாகக் கூறினார். குழுவிலிருந்த மற்றொருவரும் கதை விரைந்து செல்ல வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். இலக்கிய உலகில் பெருஞ்சினம் எழுந்தது. போட்டியாக வேறொரு பரிசு ஏற்படுத்தும் முயற்சியும் தொடங்கியது. "படிக்க எளியது என்றால் யாருக்கு எளியது என்று கேட்க வேண்டுமல்லவா? விறுவிறுப்பும் அப்படித்தான். அது நூலின் குணமா, படிக்கிற நம் மாலைப்பொழுதின் குணமா?" என்று அம்மையார் கேட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே தம் ஆறாவதைத் திரும்பப் பெற்றார். நூலின் ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டி நிறுவ இயலாத ஒன்றை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

அளவுகோல் எழுதியாயிற்று, ஆனால் அது நேராக இருக்கிறதா? நாம் பணிபுரியும் பார்சல் அலுவலகத்தில் எடைப்பொறி இருக்கிறது. பெட்டிகளை ஏற்றுவதற்கு முன், எடை தெரிந்த கற்களை அதன்மேல் வைத்துப் பார்ப்போம். ஐம்பது கிலோ கல்லை வைத்தால் முள் ஐம்பதில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குறை கல்லில் இல்லை, பொறியில் இருக்கிறது. அதுபோலவே, பட்டியலில் இல்லாததும், நல்லதென்று மூவரும் முன்பே ஒப்புக்கொண்டதுமான மூன்று பழைய நாவல்களை எடுத்து எங்கள் அளவுகோலைச் சோதித்தோம். இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு மிகுந்த பயன் அளித்தது இதுவே.

முதற்கல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே குடிபெயர்ந்து, கரிசல் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த மக்களின் கதை. தெலுங்கு நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்த நமக்கு அது ஒரு கண்ணாடி எனலாம். எங்கள் அளவுகோலில் 'மாந்தர்' என்பதற்கு நேரே, 'தலைமைப் பாத்திரம் முழுமையாக வளர்ந்திருத்தல்' என்று எழுதியிருந்தோம். கோபல்ல கிராமத்துக்குத் தலைமைப் பாத்திரம் யார்? ஊரே தலைமைப் பாத்திரம். எங்கள் விதிப்படி 25-க்கு 8 கொடுக்க நேர்ந்தது. கல் பிழையன்று, பொறியே பிழை. ஆகவே அவ்வரியை அடித்து, 'நூலில் வரும் மனிதர் தம் சொல்லாலும் செயலாலும் ஒருவரினின்று ஒருவர் வேறாக உயிர்பெறுதல்' என்று மாற்றினோம்.

இரண்டாம் கல் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981-இல் வெளிவந்தது. ஓர் எழுத்தாளனைப் பற்றிய நினைவுகளும் அவனுடைய நாட்குறிப்புகளும் கொண்ட நாவல். எங்கள் 'கட்டுக்கோப்பு' என்பதன் விளக்கம், 'தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் தெளிவாக அமைதல்' என்பதாகும். அதன்படி இந்நூல் தோற்றது. மறுபடியும் பொறியைத் திருத்தினோம். 'நூல் தானே மேற்கொண்ட வடிவத்தை இறுதிவரை தாங்கி நிற்றல்' என்று எழுதினோம். குறிப்புகளாக எழுதப்பட்ட நாவலைக் குறிப்புகளாகவே வைத்து அளக்க வேண்டும். துப்பறியும் கதையாக வைத்து அளக்கலாகாது.

மூன்றாம் கல் நம் ஊருக்கே உரியது. அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அவர் தந்தையார் நிஜாம் இரயில்வேயில் பணிபுரிந்தவர். அவருடைய 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977-இல் வெளிவந்தது. இரயில்வே ஊழியரின் மகனான சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குச் செல்கிறான். அவனைச் சுற்றி நிஜாம் அரசின் இறுதி நாட்களும் 1948 செப்டம்பர் இராணுவ நடவடிக்கையும் நிகழ்கின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் நாம் எவ்விடத்தில் வழுக்கினோமோ அவ்விடத்தைச் சோதிக்கவே இந்நூலை எடுத்தோம். இதிலும் நாம் அறிந்த இடங்கள் இருக்கின்றன. பரிசு பெற்ற அந்நூலிலும் இருந்தன. இரண்டுக்கும் வேறுபாடு என்ன? இடப்பெயர்களை எல்லாம் மனத்தால் அழித்துவிட்டுப் பார்த்தோம். சந்திரசேகரன் அண்டை வீட்டாரோடு கொள்ளும் பகையும் நட்பும், இறுதியில் கலவர இரவில் அவன் காணும் காட்சியும், அவ்வூரும் அவ்வாண்டும் இல்லாமல் நிகழவே முடியாதவை. பெயரை அழித்தாலும் ஊர் அழியவில்லை. மற்ற நூலிலோ பெயர்களை அழித்தவுடன் ஊரே மறைந்துவிட்டது. ஆகவே 'இடமும் காலமும்' என்பதன் கீழ், 'இடப்பெயர்களை நீக்கினும் கதை வேறெங்கும் நிகழ இயலாமை' என்று எழுதினோம்.

சோதனை முடிந்தபின் ஒவ்வொன்றுக்கும் மூன்று படிக்கற்களும் நட்டோம். மொழிக்கு 25-இல் 20-க்கு மேல் என்றால், பேசுவோர் எவரென்று பெயர் சொல்லாமலே தெரியவேண்டும். வருணனையில் தேய்ந்த தொடர் அருகியே இருக்கவேண்டும். 15 என்றால் பிழையற்ற தெளிந்த நடை. 10-க்குக் கீழ் என்றால் எல்லா மாந்தரும் ஆசிரியரின் குரலிலேயே பேசுகிறார்கள். இப்படி எழுதாவிட்டால் ஒருவரின் 18-உம் மற்றவரின் 18-உம் ஒரே பொருள் தரா. மூவரும் அத்தாளில் கையொப்பமிட்டோம். அதன்பின் ஓர் உறுதி செய்துகொண்டோம்: மதிப்பெண்ணை மாற்றலாம், அதற்கு நூலின் பக்கத்தைக் காட்ட வேண்டும், அளவுகோலை மாற்றக் கூடாது.

அன்று மாலைதான் செயலாளர் சாவியைக் கொடுத்தார்.

பன்னிரண்டு நூல்களுக்கும் எண் இட்டு, மூவரும் மூன்று வெவ்வேறு வரிசையில் படித்தோம். ஒருவருக்கு முதலில் வருவது மற்றவருக்கு இறுதியில் வரும். முதலில் படித்த நூலுக்குக் கடுமையும், இறுதியில் படித்ததற்குக் களைப்போ தாராளமோ சேர்வது இயல்பு. மூவரும் ஒரே வரிசையில் படித்தால் அப்பிழை மும்மடங்காகும். நூலை முடித்த அன்றே முதல் நான்கு மதிப்பெண்களையும், பக்க எண்ணோடு காரணத்தையும் எழுதினோம். நிலைப்பு மதிப்பெண்ணை மூன்று வாரம் கழித்து இட்டோம். எல்லாம் முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை. நூல்களைப் பற்றித் தேநீர் வேளையில்கூடப் பேசவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறோம். பரிசு பெறாதவர் மனம் நோகாதவாறு நூல்களை எண்களாலேயே குறிப்பிடுகிறோம்.

நான்காம் எண் நாவல் மீண்டும் நம் ஊர்க்கதை. ஓர் இரயில்வே குடியிருப்பில் தொடங்குகிறது. முதல் நாற்பது பக்கங்களைப் படித்தபோது நம் தந்தையாரின் நினைவு வந்து கண் கலங்கியது. உள்ளத்தைக் கேட்டிருந்தால் அன்றே முதலிடம் கொடுத்திருக்கும். ஆனால் கையொப்பமிட்ட தாள் மேசைமேல் இருந்தது. இடப்பெயர்களை நீக்கிப் பார்த்தோம். கதை சென்னையில் நடந்தாலும் ஒரு வரியும் மாறவேண்டியதில்லை. மொழிக்கு 15, மாந்தருக்கு 14, கட்டுக்கோப்புக்கு 9, இடத்துக்கு 7 என்று வந்தது. மூன்று வாரம் கழித்து நினைவில் எழுந்தது நம் தந்தையாரே. நாவலின் தந்தை எழவில்லை. நிலைப்புக்கு 6. மொத்தம் 51. நம் கண்ணீர் மெய்யானது. ஆயினும் அது நூல் ஈட்டிய கண்ணீர் அன்று, நாம் கொண்டு சென்றது.

கூட்டி நிறைபார்த்தபோது முன்னணியில் நின்றவை இரண்டு. ஒன்பதாம் எண் ஒரு நெசவாளர் குடும்பத்தின் கதை. எங்கும் சறுக்காத சீரான நாவல். அதற்கு நாம் 75, நண்பர் 74, அம்மையார் 76 இட்டிருந்தோம். பதினோராம் எண் உப்பளத் தொழிலாளர் கதை. சில இடங்களில் மலையுச்சி, சில இடங்களில் பள்ளம். அதற்கு நாம் 82, அம்மையார் 80, நண்பரோ 58. கூட்டினால் ஒன்பதாம் எண்ணுக்கு 225, பதினோராம் எண்ணுக்கு 220.

இவ்விடத்தில்தான் நடுவர் குழுக்கள் பலவும் தடுமாறும். கூட்டல் ஒன்பதாம் எண்ணை வெல்லவைக்கிறது. ஆனால் மூவரில் இருவர் பதினோராம் எண்ணே சிறந்ததென்கிறார்கள். கூட்டலை மட்டும் நம்பினால், எவரும் வெறுக்காத நூலே எப்போதும் வெல்லும். எவரேனும் உயிராய் விரும்பும் நூல் வெல்லாது. ஆகவே கூட்டுத்தொகை குறும்பட்டியலை அமைக்க மட்டுமே பயன்படும், இறுதி முடிவு உரையாடலுக்குப்பின் வாக்கெடுப்பால் என்று முன்னரே எழுதியிருந்தோம். இதுவும் முன்னரே எழுதவேண்டியதுதான். 2019-இல் புக்கர் நடுவர் ஐவர் 151 நூல்களிலிருந்து பதின்மூன்றைத் தேர்ந்து நெடும்பட்டியல் இட்டனர். இறுதியில் ஒன்றைத் தேர இயலாமல், பரிசைப் பகிரக்கூடாது என்ற விதியை மீறி, மார்கரெட் அட்வுட், பெர்னார்டின் எவரிஸ்டோ இருவருக்கும் பகிர்ந்தளித்தனர். விதி இருந்தும் மீறினர் என்றால், விதியே எழுதாத குழுவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மூவரும் கூடி, வேறுபாடு மிகுந்த இடத்தை முதலில் எடுத்தோம். பதினோராம் எண்ணின் மொழிக்கு நாம் 22 இட்டிருக்க, நண்பர் 10 இட்டிருந்தார். அவர் மறைக்காமல் சொன்னார்: "ஐயா, உப்பளத்தார் பேச்சு எனக்கு விளங்கவில்லை. ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தேன். எனக்கே இப்படியென்றால், நம் பிள்ளைகளுக்கு?" அவர் கவலை நியாயமானது, அறுபது வீடுகளை எண்ணியே அவர் பேசினார். அம்மையார் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "தம்பி, மொழிக்கு நாம் என்ன எழுதியிருக்கிறோம் என்று படியுங்கள். 'பேசுவோர் எவரென்று பெயர் சொல்லாமலே தெரிதல்.' விளங்குதல் என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமென்றால் அன்றே எழுதியிருப்போம். இப்போது அந்தப் பக்கத்தில் மூவர் பேசுகிறார்கள். யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்ததா?" நண்பர் அப்பக்கத்தை மீண்டும் படித்தார். சற்று நேரம் கழித்து, "தெரிகிறது. சொல்தான் புரியவில்லை, ஆள் புரிகிறார்" என்றார். மொழிக்கு 10-ஐ 16 ஆக்கினார். மாந்தருக்கு இட்ட 15-ஐயும், கட்டுக்கோப்புக்கு இட்ட 12-ஐயும் மாற்ற மறுத்தார். நடுப்பகுதி தளர்ந்ததைப் பக்கம் காட்டி நிறுவினார். நாமும் அதனை ஏற்றோம். கட்டுக்கோப்புக்கு நாம் இட்டதும் 13-தான்.

வாக்கெடுப்பில் பதினோராம் எண் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. நண்பர் ஒன்பதாம் எண்ணுக்கே வாக்களித்தார். அவருடைய காரணமும் முடிவுத்தாளில் எழுதப்பட்டது. அவருடைய கவலைக்கும் பயன் விளைந்தது. அறுபது படிகளோடும், உப்பளச் சொற்கள் நாற்பதுக்குப் பொருள் எழுதிய தாள் ஒன்றை இணைத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. சொற்பொருளை எழுதுகிறவர் அந்நண்பரே.

இம்முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அளவுகோல் நம் பழைய வாசிப்பிலிருந்து பிறப்பது. இதுவரை எவரும் எழுதாத வகையில் ஒரு நூல் வந்தால் அக்கோல் அதனை அளக்கத் தெரியாமல் திகைக்கும். கோபல்ல கிராமத்தில் நாங்கள் திகைத்தது அதற்குச் சான்று. அன்று அந்நூல் எங்கள் பட்டியலிலேயே இருந்திருந்தால், விதி அதனைக் கொன்றிருக்கும். ஆகையால், மதிப்பெண் குறைந்தும் விடமுடியாத நூல் ஒன்றை நடுவர் ஒவ்வொருவரும் காரணம் எழுதிக் குறும்பட்டியலுக்குக் கொணரலாம் என்று ஒரு வழி வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு முறை மட்டும். இவ்வாண்டு அதனை ஒருவரும் பயன்படுத்தவில்லை. நான்காம் எண்ணுக்காகப் பயன்படுத்தலாமா என்று நமக்கு ஓரிரவு தோன்றியது. காரணம் எழுத உட்கார்ந்தோம். 'எங்கள் குடியிருப்பு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டோம்.

பரிசு நூல் அடுத்த திங்கள் உங்கள் இல்லம் வந்து சேரும். அளவுகோல் எழுதிய தாளின் நகல் சங்க நூலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் குறை காண்போர் நமக்கு எழுதுக. அடுத்த ஆண்டுக் குழுவிடம் சேர்ப்பிப்போம். ஒரு வேண்டுகோள் மட்டும்: அடுத்த ஆண்டுப் பட்டியல் வருவதற்கு முன்பே எழுதுக. பட்டியலைப் பார்த்தபின் வரும் திருத்தங்களைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். சாவி வழக்கம்போல் செயலாளரிடம் இருக்கும்.